ஸ்பான்சர்ஷிப் தேவை என்பதை விண்ணப்பத்தில் எங்கே, எந்தச் சொற்களில் எழுதுவது?

"அக்கா, வயது 25. மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் மூன்றரை வருடமாக ஜாவா டெவலப்பராக இருக்கிறேன். நோட்டீஸ் பீரியட் 60 நாள். இங்கிலாந்து கம்பெனிகளுக்கு அப்ளை செய்கிறேன். வேலை செய்யும் உரிமை இருக்கிறதா, ஸ்பான்சர்ஷிப் வேண்டுமா என்ற இரண்டு கேள்விக்கும் உண்மையைப் போட்டால் பத்தே நிமிடத்தில் ரிஜெக்ட் மெயில் வருகிறது. 'முதலில் எஸ் போட்டு உள்ளே போ, இன்டர்வியூவில் சொல்லிக்கொள்ளலாம்' என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். சிவியில் இதை எப்படி எழுதுவது? மார்ச் 14 வந்தால் 26 முடிகிறது, அதற்குள் ஏதாவது அமைய வேண்டும் என்று வீட்டிலும் அவசரப்படுத்துகிறார்கள்."

முதல் கேள்விக்கு இல்லை என்றும் இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றும் தொடர்ந்து பதில் எழுதுங்கள். அந்தப் பத்து நிமிட நிராகரிப்புகளைக் குறைக்க மாற்ற வேண்டியவை வேறு இரண்டு. எந்த நிறுவனத்தின் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே சலித்தெடுக்க வேண்டும். ஸ்பான்சர்ஷிப் வேண்டும் என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், அதற்கு அந்த நிறுவனம் செய்ய வேண்டியது என்ன என்பதையும் அதே இடத்தில் எழுத வேண்டும். உங்கள் வீட்டில் கவலையோடு சொல்லும் அந்த மார்ச் 14 என்ற தேதி, இந்த விஷயத்தில் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சாதகம். அதை விண்ணப்பத்தில் நீங்கள் இதுவரை எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் லீட்ஸ் நகரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது கே.புதூரில் இருக்கிறேன். எனவே இந்தப் படிவங்களைப் பூர்த்தி செய்பவர் பக்கத்திலிருந்தும் படிப்பவர் பக்கத்திலிருந்தும் பார்த்து எழுதுகிறேன்.

படிவத்தில் அந்த இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
Do you currently have the right to work in the UK?
Will you now or in the future require visa sponsorship?
```

முதல் கேள்வி உங்கள் தகுதியையோ விருப்பத்தையோ கேட்கவில்லை. இன்றைய தேதியில், இந்த நிறுவனம் எதுவும் செய்யாமலேயே நீங்கள் நாளை காலை பிரிட்டனில் வேலைக்கு உட்காரச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா என்று கேட்கிறது. பாஸ்போர்ட் இருப்பதும், ஆங்கிலத் தேர்வில் தேறியிருப்பதும், விசா கிடைக்கும் என்று நம்புவதும் அந்த அனுமதி ஆகாது. சில படிவங்களில் `eligible to work` என்று இருக்கும். அதைத் 'தகுதியானவரா' என்று எடுத்துக்கொண்டு ஆம் என்று போட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் பொருள் இதுவேதான்.

இரண்டாவது கேள்வியில் உள்ள 'இப்போதோ எதிர்காலத்திலோ' என்ற பகுதி, ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கானது. அங்கே படித்து முடித்து கிராஜுவேட் விசாவில் இருப்பவருக்கு வேலை செய்யும் உரிமை இன்று உண்டு. ஆனால் அந்த விசா முடிந்தபின் அதே வேலையில் தொடர ஸ்பான்சர்ஷிப் வேண்டியிருக்கும் என்றால் இரண்டு கேள்விக்கும் ஆம் என்பதே சரியான பதில். குலுக்கல் முறையில் கிடைக்கும் இந்தியா யங் புரொபஷனல்ஸ் விசாவும் இரண்டு ஆண்டுகளுக்கானது, அதற்கும் இதுவே பொருந்தும். கணவன் அல்லது மனைவியின் விசாவைச் சார்ந்து இருப்பவர் தன் விசா முடியும் தேதியையும் சேர்த்து எழுதினால் போதும். உங்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. மதுரையில் இருக்கிறீர்கள், கையில் விசா இல்லை, எனவே இல்லை, ஆம்.

உங்களோடு வேலை பார்ப்பவர்கள் சொல்லும் வழி எங்கே போய் முட்டும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். திண்டுக்கல்லைச் சேர்ந்த ஓர் இளைஞர் எங்கள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று போட்டிருந்தார். சிவியில் இந்திய முகவரி இருந்தது. திரும்பி வந்துவிடுவார் போலிருக்கிறது என்று எங்கள் பிரிவில் எண்ணிக்கொண்டார்கள். மூன்று சுற்று நேர்காணல் நடந்தது. தொழில்நுட்பச் சுற்றில் அவரைக் கேட்ட பொறியாளர், இவரைத்தான் எடுக்க வேண்டும் என்று என் மேசைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். வேலை தருவதாகச் சொல்ல நான்தான் தொலைபேசியில் அழைத்தேன். எனக்குக் காலை பதினொரு மணி, அவருக்கு மாலை நாலரை. சம்பளம், சேரும் தேதி எல்லாம் பேசி முடித்து, கடைசியில் வழக்கம்போல ஷேர் கோடு அனுப்பிவையுங்கள் என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மேடம், அது எந்த கோடு?" என்று கேட்டார்.

ஷேர் கோடு என்பது பிரிட்டனில் விசா வைத்திருப்பவர் தன் ஈ-விசா கணக்கிலிருந்து எடுத்துத் தரும் ஒன்பது எழுத்து எண்கள் கொண்ட குறியீடு. அதை அரசு இணையதளத்தில் இட்டுப் பார்த்துத்தான் நிறுவனம் அவரை வேலையில் சேர்க்க முடியும். விசாவே இல்லாதவரிடம் அது இருக்காது. அன்று மாலையே எங்கள் மேலாளர் அந்த வாய்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதில் இன்றைக்கும் என் மனத்தை உறுத்துவது, எங்களிடம் ஸ்பான்சர் உரிமம் இருந்தது என்பதுதான். அந்த ஆண்டு இரண்டு பேரை வெளிநாட்டிலிருந்து எடுத்திருந்தோம். படிவத்தில் உண்மையை எழுதியிருந்தால் அவரைத் தாராளமாக ஸ்பான்சர் செய்திருப்போம். ஆறு மாதம் கழித்து அவர் உண்மையான பதில்களோடு மறுபடியும் விண்ணப்பித்தபோது, எங்கள் ஆள்சேர்ப்பு மென்பொருளில் அவர் பெயருக்குக் கீழே பழைய குறிப்பு அப்படியே இருந்தது. அதைப் படித்த என் சக ஊழியர் விண்ணப்பத்தை அதற்கு மேல் நகர்த்தவில்லை.

நிறுவனங்கள் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால், 2024 பிப்ரவரி முதல், முதல் தடவைக்கே ஒரு நபருக்கு 45,000 பவுண்டு வரையிலும் மீண்டும் நடந்தால் 60,000 பவுண்டு வரையிலும் அபராதம் உண்டு. ஸ்பான்சர் உரிமமும் பறிபோகலாம். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் பொய் சொன்னவரை, எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், எந்த எச்.ஆரும் தன் பொறுப்பில் உள்ளே கொண்டுவர மாட்டார்.

உங்களுக்குப் பத்து நிமிடத்தில் வந்த மின்னஞ்சல்களை எந்த மனிதரும் படித்து அனுப்பவில்லை. ஸ்பான்சர்ஷிப் வேண்டும் என்று வந்தால் நிராகரி என்று அந்த வேலைக்கு முன்பே அமைத்து வைத்திருக்கிறார்கள். அப்படி அமைத்த நிறுவனங்கள் இரண்டு வகை. ஸ்பான்சர் செய்யும் உரிமமே இல்லாதவை ஒரு வகை. உரிமம் இருந்தும், அந்தக் குறிப்பிட்ட வேலையின் சம்பளம் விதிக்கு எட்டாததால் ஸ்பான்சர் செய்ய முடியாதவை இன்னொரு வகை. இரண்டையும் விண்ணப்பிக்கும் முன்பே நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

உரிமம் இருக்கிறதா என்று பார்க்க GOV.UK தளத்தில் `Register of licensed sponsors: workers` என்ற பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். எக்செல்லில் திறக்கக்கூடிய ஒரு கோப்பு அது. நிறுவனத்தின் பெயர், ஊர், தரம், வழி என்ற நெடுவரிசைகள் இருக்கும். இங்கே இரண்டு இடங்களில் தவறு நேரும். விளம்பரத்தில் இருக்கும் பெயர் கடைப்பெயராக இருக்கலாம். பட்டியலில் இருப்பது பதிவு செய்த பெயர். எனவே நிறுவனத்தின் இணையதளத்தில் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் பதிவுப் பெயரை எடுத்துத் தேட வேண்டும். அடுத்தது, வழி என்ற நெடுவரிசையில் `Skilled Worker` என்று இருக்கிறதா என்று பாருங்கள். `Global Business Mobility` என்று மட்டும் இருந்தால், அந்த நிறுவனம் தன் சொந்த வெளிநாட்டுக் கிளை ஊழியர்களை மாற்றிக்கொள்வதற்கு மட்டுமே உரிமம் வைத்திருக்கிறது. வெளியாளான உங்களுக்கு அதனால் பயன் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது என்று மகிழ்ந்து விண்ணப்பித்துவிட்டு ஏமாறுபவர்களில் பலர் இந்த நெடுவரிசையைப் பார்க்காதவர்கள்.

சம்பளத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் விஷயத்தின் மையமே இதுதான். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நான்கு இலக்க எண் உண்டு. மென்பொருள் உருவாக்குபவருக்கு அது 2134. ஒவ்வோர் எண்ணுக்கும் அரசு ஒரு சம்பளம் நிர்ணயித்திருக்கிறது. `Appendix Skilled Occupations` என்ற அட்டவணையில் அது இருக்கும். 2025 ஜூலை 22 முதல் நடப்புக்கு வந்த அட்டவணைப்படி 2134-க்கு ஆண்டுக்கு 54,700 பவுண்டு. எல்லாத் தொழிலுக்குமான பொதுவான குறைந்தபட்சம் 41,700 பவுண்டு. இரண்டில் எது அதிகமோ அதை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். மூன்று நான்கு ஆண்டு அனுபவம் கேட்டு 42,000 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனம் நல்ல மனத்தோடு நினைத்தாலும் இந்த விதிப்படி உங்களை எடுக்க முடியாது. அவர்கள் படிவத்தில் நிராகரி என்று அமைத்து வைத்திருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் அதே விதிகளில் புதிதாக நுழைபவர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் 26 வயது பூர்த்தியாகாதவர் அதில் அடங்குவார். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கும் இது பொருந்தும். அவருக்கு அட்டவணைச் சம்பளத்தில் 70 விழுக்காடு போதும், பொதுக் குறைந்தபட்சமும் 33,400 பவுண்டாக இறங்கிவிடும். 54,700-இல் 70 விழுக்காடு 38,290. அதாவது அந்த 42,000 பவுண்டு வேலைக்கு உங்களை ஸ்பான்சர் செய்யச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் பக்கத்து மேசையில் இருக்கும் 28 வயதுக்காரரை ஸ்பான்சர் செய்ய இடம் தராது. இதை எச்.ஆர். பிரிவில் இருப்பவர் உங்கள் சிவியைப் பார்த்துத் தானாகக் கணக்கிட மாட்டார், ஏனென்றால் அங்கே சிவியில் பிறந்த தேதி எழுதும் வழக்கமே இல்லை. நீங்கள்தான் எழுத வேண்டும்.

கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அட்டவணைச் சம்பளம் வாரத்துக்கு 37.5 மணி நேர வேலைக்கானது. விளம்பரத்தில் 40 மணி நேரம் என்று இருந்தால் அதே விகிதத்தில் உயர்த்த வேண்டும். 38,290-ஐ 40-ஆல் பெருக்கி 37.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 40,843 வரும். 42,000 அதையும் தாண்டிவிடுகிறது. 40,000 என்று விளம்பரம் செய்த 40 மணி நேர வேலையாக இருந்தால் தாண்டாது. உறுதியான அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள், போனஸையும் படிகளையும் சேர்க்கக் கூடாது. இந்த எண்கள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் அட்டவணையைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றி இன்னொன்று. நம் பக்கத்தில் இருபத்தைந்து முடிந்தவரை 26 நடக்கிறது என்றுதான் சொல்வோம். அந்தப் பேச்சு வழக்கை வைத்துக்கொண்டு எனக்கு 26 ஆகிவிட்டது, அந்தச் சலுகை இல்லை என்று விட்டுவிட்ட பெண் ஒருவரை எனக்குத் தெரியும். விதி பார்ப்பது பூர்த்தியான வயதை. மார்ச் 13 வரை நீங்கள் 26-க்குக் கீழேதான் இருக்கிறீர்கள்.

இனி எழுதும் வரிகள். சிவியில் உங்கள் பெயர், தொலைபேசி எண்ணுக்கு அடுத்த வரியிலேயே இதை வையுங்கள். கடைசிப் பக்கத்தில் மொழிகள், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு நடுவே வைத்தால் மறைத்தது போலத் தோன்றும்.

```
Madurai, India. No current UK right to work.
Skilled Worker sponsorship required (code 2134).
New entrant rate applies if I apply before 14 March.
Notice period: 60 days.
```

நான்கே வரிகள். இதில் விண்ணப்பதாரரின் மன்னிப்பும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. தாங்கள் ஸ்பான்சர் செய்ய நேர்ந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன் என்பது போன்ற வாக்கியங்களை நான் நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். அவற்றிலிருந்து எனக்குத் தேவையான எந்தத் தகவலும் கிடைத்ததில்லை. அதைவிடக் கெடுதலானது, விசாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதுவது. ஸ்பான்சர் சான்றிதழை நிறுவனம் மட்டுமே தர முடியும் என்பதால், அப்படி எழுதியவருக்கு நடைமுறை தெரியவில்லை என்று படிப்பவர் முடிவு செய்துவிடுவார்.

கவர் லெட்டரில் இந்த விஷயத்தை முதல் பத்தியில் கொண்டுவர வேண்டாம். முதல் இரண்டு பத்திகள் உங்கள் வேலையைப் பற்றிப் பேசட்டும். மூன்றாவது பத்தியில் கணக்கைக் காட்டுங்கள்:

```
I would need Skilled Worker sponsorship. I am 25, so the
new entrant rate applies until 13 March: £38,290 for code
2134 at 37.5 hours. Your advertised £42,000 is above this.
I see you hold a Skilled Worker licence.
```

இந்த நான்கு வாக்கியங்களைப் படிக்கும் எச்.ஆர். ஊழியர் செய்ய வேண்டிய வேலை பாதியாகிவிடுகிறது. எண் சரியா என்று அட்டவணையில் பார்த்து, மேலாளரிடம் இவரை எடுக்க முடியும் என்று சொன்னால் போதும். வெறும் ஸ்பான்சர்ஷிப் தேவை என்று மட்டும் இருந்தால், அது முடியுமா என்று தேடிப் பார்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. நாற்பது சிவிக்கள் திறந்திருக்கும் திங்கட்கிழமை காலையில் யாரும் அதைச் செய்வதில்லை.

ஆனால் கவர் லெட்டரை மென்பொருள் படிக்காதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். கேள்விக்கு ஆம் என்று போட்டவுடன் நிராகரிக்கும்படி அமைத்திருந்தால் உங்கள் கணக்கு யார் கண்ணிலும் படாது. அதனால்தான், உரிமம் இருந்து, சம்பளமும் எட்டும் என்று தெரிந்த வேலைகளுக்கு, படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன்பு ஆள்சேர்ப்பு ஊழியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். விளம்பரத்தின் அடியில் பெயரோ முகவரியோ பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் லிங்க்டினில் அந்த நிறுவனத்தின் ஆள்சேர்ப்பாளரைத் தேடலாம். மேலே உள்ள அதே நான்கு வாக்கியங்களோடு, இந்த வேலைக்கு ஸ்பான்சர் செய்ய இயலுமா என்ற ஒரே கேள்வியைச் சேர்த்தால் போதும். இயலும் என்று பதில் வந்தால், அந்தப் பதிலைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். தானியங்கி நிராகரிப்பு வந்தாலும் அவர் கையால் அதை மாற்ற முடியும். நானே பலமுறை மாற்றியிருக்கிறேன். இயலாது என்றால் ஒரு மாலை நேரம் மிச்சம். விளம்பரத்திலேயே ஸ்பான்சர்ஷிப் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தால் இந்த மின்னஞ்சலும் வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.

படிவத்தில் உங்கள் நிலையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் பொருத்தமான வரி இல்லாவிட்டால் மற்றவை என்பதைத் தேர்ந்தெடுத்து, கிடைக்கும் எழுத்துப் பெட்டியில் சிவியில் உள்ள அதே சொற்களை இடுங்கள். படிவம், சிவி, லிங்க்டின் மூன்றிலும் ஒரே தகவல் இருக்க வேண்டும். லிங்க்டினில் ஊரை லண்டன் என்று மாற்றி வைக்கும் பழக்கம் இங்கே பரவியிருக்கிறது. தற்போதைய வேலை மதுரை, ஊர் லண்டன் என்று ஒரே திரையில் இருக்கும்போது யாரும் ஏமாறுவதில்லை. சந்தேகம்தான் மிஞ்சும்.

முதல் தொலைபேசிப் பேச்சில் ஸ்பான்சர்ஷிப் பற்றி அவர்களே கேட்பார்கள். கேட்காவிட்டால் பேச்சு முடியும் முன் நீங்களே ஒரு வாக்கியத்தில் நினைவூட்டுங்கள். மூன்று கேள்விகள் வரக்கூடும். முதலாவது, எவ்வளவு செலவாகும் என்பது. உரிமம் இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு, மூன்று ஆண்டு ஸ்பான்சர்ஷிப் என்றால், சான்றிதழுக்கு 525 பவுண்டும், வெளிநாட்டவரை ஸ்பான்சர் செய்வதற்காக நிறுவனம் அரசுக்குச் செலுத்தும், 2025 டிசம்பரில் உயர்த்தப்பட்ட திறன் கட்டணம் ஆண்டுக்கு 1,320 வீதம் 3,960 பவுண்டும் சேர்ந்து 4,485 ஆகும். சிறிய நிறுவனத்துக்குத் திறன் கட்டணம் ஆண்டுக்கு 480 என்பதால் மொத்தம் 1,965 தான். இதை ஓர் எண்ணாகச் சொன்னால் பயம் தெளிந்துவிடும்; சிறிய நிறுவனங்களின் மேலாளர்கள் பலர் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும் என்று எண்ணிக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். உங்கள் பக்கச் செலவாக, 2025 ஏப்ரல் கட்டணப்படி, மூன்று ஆண்டு வரையிலான விசாவுக்கு 769 பவுண்டும், சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் 3,105 பவுண்டும் உண்டு. இதை நிறுவனம் தருமா என்று வேலை உறுதியான பிறகு கேட்கலாம், முதல் பேச்சில் வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் போக எனக்கு மனம் இல்லை. திறன் கட்டணத்தை நிறுவனம் ஊழியரிடமிருந்து வசூலிக்கக் கூடாது. 2024 டிசம்பர் 31 முதல் சான்றிதழ்க் கட்டணத்தையும் வசூலிக்கக் கூடாது. எனவே ஸ்பான்சர் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடு என்று யாராவது, அது தெரிந்த ஏஜென்ட்டாகவே இருந்தாலும், கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, எப்போது வர முடியும் என்பது. வெளிநாட்டில் இருப்பவருக்கான சான்றிதழை நிறுவனம் ஒவ்வொரு முறையும் தனியாக உள்துறையிடம் கேட்டுப் பெற வேண்டும். வழக்கமாக ஓரிரு வேலை நாட்களில் ஒப்புதல் வந்துவிடும். அதன்பின் நீங்கள் விசாவுக்கு விண்ணப்பித்து, கைரேகை கொடுத்த நாளிலிருந்து முடிவு வரப் பொதுவாக மூன்று வாரங்கள். உங்கள் 60 நாள் நோட்டீஸ் இதைவிட நீளமானது. ஆகவே விசாவால் தாமதம் இல்லை, இரண்டும் ஒரே சமயத்தில் ஓடும் என்று சொல்லுங்கள். ஆனால் விசா கையில் வரும் முன்பு இங்கே ராஜினாமா கடிதம் கொடுப்பதா என்பதை நீங்கள் யோசித்து முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் விசா வந்த பிறகே கொடுப்பேன், அதற்கேற்பச் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பேன்.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் கடினமானது. புதிதாக நுழைபவர் சலுகை மொத்தம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடையாது. அதன்பின் விசாவை நீட்டிக்க அந்த நேரத்து முழு அட்டவணைச் சம்பளத்தை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அனுபவமுள்ள எச்.ஆர். இதைக் கேட்பார். ஆமாம், நான்கு ஆண்டுகளுக்குள் முழுச் சம்பளத்துக்கு உயர வேண்டியிருக்கும், அதை அறிந்தே விண்ணப்பிக்கிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். மழுப்பினால் முன்பு சொன்ன எண்களின் மீதும் அவருக்கு ஐயம் வரும்.

ஆங்கிலத் தகுதியையும் இப்போதே முடித்து வையுங்கள். 2026 ஜனவரி 8 முதல் பி2 நிலை கேட்கிறார்கள். உங்கள் பி.இ. படிப்பு ஆங்கில வழியில் நடந்தது என்று வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எக்டிஸ் அமைப்பிடமிருந்து உறுதிக் கடிதம் பெற்றால் தேர்வு எழுத வேண்டியதில்லை. அது கைக்கு வந்ததும் சிவியின் அந்த நான்கு வரிகளோடு ஐந்தாவதாகச் சேர்க்கலாம்.

கடைசியாக, தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள். விதி பார்க்கும் விண்ணப்ப நாள் என்பது நீங்கள் இணையத்தில் கட்டணம் செலுத்தும் நாள். கைரேகை கொடுப்பது, முடிவு வருவது, விமானம் ஏறுவது எல்லாம் மார்ச் 14-க்குப் பிறகு நடந்தாலும் பரவாயில்லை. சான்றிதழில் உள்ள சேரும் தேதிக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம் என்பதால், மார்ச் 10 அன்று விண்ணப்பித்து ஜூன் முதல் வாரத்தில் சேர்வதற்கு இடம் இருக்கிறது. அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் விசா வந்து, அன்றே ராஜினாமா கொடுத்து, 60 நாள் முடித்துக்கொண்டும் சேர முடியும். இதற்கு நிறுவனம் பிப்ரவரி இறுதிக்குள் வேலையை உறுதி செய்து சான்றிதழ் கேட்டிருக்க வேண்டும். நேர்காணல் சுற்றுகள் ஐந்து ஆறு வாரம் இழுக்கும் என்பதால், ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு 54,700-க்குக் கீழே சம்பளம் உள்ள வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது, தேதி நெருங்குகிறது என்பதை அந்த முதல் மின்னஞ்சலிலேயே குறிப்பிடுங்கள். மார்ச் 14 கடந்துவிட்டால் சிவியிலிருந்து மூன்றாவது வரியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்; அதன்பின் நீங்கள் தேட வேண்டியவை முழு அட்டவணைச் சம்பளம் தரும் வேலைகள் மட்டும்தான்.